பையின் முடிச்சைக் கேளுங்கள்



நமது ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும் அறிவித்தல் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். "கண்டெடுக்கப்பட்டது, உரியவரிடம் சேரும் வரை பகிருங்கள்" என்று தொடங்கும். கீழே அடையாள அட்டையின் படம் இருக்கும். பெயர், எண், முகவரி எல்லாம் தெளிவாகத் தெரியும். சில நேரம் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கமும் சேர்ந்து வரும். அனுப்புகிறவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். பொருளை எடுத்து வைத்துக்கொள்ளாமல் சொந்தக்காரரைத் தேடுகிறாரே, அதுவே பெரிய விஷயம். ஆனால் அந்த அறிவித்தல் எழுதப்படும் விதம் சரியில்லை. சொந்தக்காரரைக் கூப்பிடுவதற்குப் பதிலாக, சொந்தக்காரர் யார் என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது.

அண்மையில் இப்படி ஓர் அறிவித்தலைத் திருத்தி எழுதும் வேலை எனக்கு வந்தது. உரியவரின் அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு தம்பி மன்னார் தலைமன்னார் வீதியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் பை ஒன்றைக் கண்டிருக்கிறார். துணிக்கடையில் கொடுக்கும் பை. உள்ளே ஒரு தேசிய அடையாள அட்டை, வங்கிப் பாஸ் புத்தகம், ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பி, ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தம்பி அடையாள அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் படம் எடுத்து, பெயரையும் அட்டை எண்ணையும் கணக்கு எண்ணையும் தன் கையாலும் தட்டச்சு செய்து, நாலு குரூப்பில் போட்டுவிட்டார். "கிளினிக் கொப்பியும் உண்டு" என்று எந்தக் கிளினிக் என்பதையும் எழுதியிருந்தார். மூன்று மணித்தியாலம் கழித்து ஒரு நண்பர் அதை எனக்கு அனுப்பினார். தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"சேர், விலாசத்தப் போடாட்டி எப்படி சேர் அவங்களுக்குத் தெரியும், இது அவங்கடதான் எண்டு?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நமது பழைய அடையாள அட்டை எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தார் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டி எழுதுவார்கள். ஒரு கற்பனை எண் 85620 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். 85 என்றால் 1985. 620 என்பது 500ஐத் தாண்டியதால் பெண். 500ஐக் கழித்தால் மிச்சம் 120, அதாவது 120ஆவது நாள். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கொண்டுதான் எண்ணுவார்கள். ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 31, மொத்தம் 91. 120இல் 91 போக 29. ஆகவே அவர் 1985 ஏப்ரல் 29இல் பிறந்தவர். ஐந்தே இலக்கத்தில் ஆணா பெண்ணா என்பதும் பிறந்த தேதியும் வந்துவிட்டன. புதிய 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான். ஆண்டு மட்டும் நாலு இலக்கமாக இருக்கும்.

சிலர் கவனமாக இருப்பதாக நினைத்துக் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் மறைத்துப் போடுகிறார்கள். மறைக்காமல் விட்ட முன்பகுதியில்தான் பிறந்த தேதி இருக்கிறது. இன்னும் சிலர் போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் இரண்டு தடவை கோடு இழுத்துவிட்டு மறைந்தது என்று நினைக்கிறார்கள். அது கண்ணாடித் தாள் மாதிரி. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து பல நேரம் தெரிந்துவிடும். மறைப்பதில் இத்தனை வழுக்கல் இருப்பதால் நான் சொல்வது ஒன்றுதான்: ஆவணத்தின் படத்தைப் போடவே வேண்டாம்.

பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் விலாசமும் தெரிந்தால் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். பல இடங்களுக்குப் போன் எடுத்தால் "நீங்கள்தானா?" என்று உறுதிசெய்ய முதலில் கேட்பதே இவற்றைத்தான். கணக்கு எண்ணும் சேர்ந்தால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அந்த வயதானவருக்குப் போன் எடுத்து, அவருடைய விபரத்தையே அவருக்கு ஒப்புவித்து, நம்பவைத்து, போனுக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்கலாம். "உங்கட ஐசி எங்களிட்ட இருக்கு, அனுப்ப ரீலோட் போடுங்க" என்றும் கேட்கலாம். கிளினிக் கொப்பி வேறு விதமான விஷயம். எந்தக் கிளினிக் என்று எழுதினாலே என்ன நோய் என்று ஊர் ஊகித்துவிடும். ஒருவர் தன் பிள்ளைகளுக்கே சொல்லாமல் வைத்திருந்த நோயை நாம் நாலு குரூப்பில் சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவுக்கும் விலாசம் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க உதவுகிறதா என்றால், நமது பக்கத்தில் அதுவும் பல நேரம் இல்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போனவர்கள் பலர் அங்கிருந்தபோது அடையாள அட்டை எடுத்தார்கள். திரும்பி வந்த பிறகும் அட்டையில் பழைய விலாசமே கிடக்கிறது. தம்பி கண்டெடுத்த அட்டையும் அப்படித்தான். அதைப் பார்த்தவர்கள் "இது புத்தளத்து ஆள், அங்க உள்ள குரூப்புக்கு அனுப்புங்க" என்று இன்னும் தூரத்துக்கு அனுப்பினார்கள். ஆளோ இங்கேயே, சில மைல் தூரத்தில் இருந்தார்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கண்டெடுத்த பொருளைப் பற்றி மார்க்கத்தில் ஒரு தனிப் பாடமே உண்டு. லுக்தா என்பார்கள். கீழே கிடந்த பொருளை என்ன செய்வது என்று ஒருவர் வந்து கேட்டபோது, அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளும்படியும், பிறகு ஓர் ஆண்டு அறிவிக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸைத் இப்னு காலித் (ரழி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உள்ளே உள்ள காசை எண்ணுவதற்கு முன் பையும் கயிறும் ஏன்? உள்ளே என்ன இருக்கும் என்று பிறரும் ஊகிக்கலாம். எந்தப் பையில் போட்டோம், எதனால் கட்டினோம் என்பது கட்டிய கைக்குத்தான் தெரியும். அதனால்தான் அறிவிக்கிறவர் பொருளின் இனத்தைச் சொல்லலாம், எல்லா அடையாளத்தையும் சொல்லிவிடக் கூடாது என்று பிக்ஹு அறிஞர்கள் எழுதினார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பொய் சொல்ல வருகிறவனுக்கு நாமே பாடம் சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே தம்பிக்கும் சொன்னேன்: விடைத்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பரீட்சை வைக்க முடியாது. அறிவித்தலில் எழுதுகிற ஒவ்வொரு விபரமும், பிறகு கேட்க முடியாமல் போன ஒரு கேள்வி.

தம்பி தன்னால் முடிந்த இடங்களில் முதல் அறிவித்தலை அழித்தார். பிறகு இருவரும் சேர்ந்து இப்படி எழுதினோம்:

"இந்தக் கிழமை மன்னார் தலைமன்னார் வீதியில் சில ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டு, பத்திரமாக வைக்கப்பட்டுள்ளன. ஆவணங்களைத் தவறவிட்டவர் கீழுள்ள இலக்கத்துக்குத் தானே அழைக்கவும். எங்கே, எப்போது தவறவிட்டீர்கள், என்னென்ன இருந்தன, எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்கப்படும். சரியாகச் சொல்பவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். உரியவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் மட்டும் சொல்லுங்கள், குரூப்பில் பெயர் எழுத வேண்டாம். இம்மாத இறுதிக்குள் எவரும் வராவிட்டால் பொலிசில் ஒப்படைக்கப்படும்."

இதில் இருப்பதையும் இல்லாததையும் கவனியுங்கள். வீதியின் பெயர் இருக்கிறது, தரிப்பிடத்தின் பெயர் இல்லை. கிழமை இருக்கிறது, நாள் இல்லை. ஆவணங்கள் என்று இருக்கிறது, எத்தனை, என்ன வகை என்று இல்லை. ஆணா பெண்ணா என்று இல்லை. பை என்ற சொல்லே இல்லை. ஆனால் ஆவணத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒருவர் இதை வாசித்தால் "எனது ஆயிருக்குமோ" என்று போன் எடுக்கப் போதுமான அளவு இருக்கிறது. அறிவித்தலின் வேலை அவ்வளவுதான். இது என்னுடையதுதான் என்ற நிச்சயத்தை அறிவித்தல் தர வேண்டியதில்லை. அது பேசும்போது வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இப்படி எழுதினால் வேறு பொருள் தொலைத்தவர்களும் அழைப்பார்கள். தம்பிக்கும் போன மாதம் மன்னார் டவுனில் ஐசி தொலைத்த ஒருவர் அழைத்தார். இரண்டு நிமிடம் பேசி, அது இல்லை என்று சொல்லி வைத்தோம். முன்பின் தெரியாத நாலு பேரோடு இரண்டிரண்டு நிமிடம் பேசுவது, ஒருவருடைய விபரம் ஊர் முழுக்கப் போவதைவிடச் சின்னச் செலவுதான்.

கேள்வி கேட்கும் முறைதான் அடுத்தது. "நீலப் பையா?" என்று கேட்டால் எவரும் "ஓம்" என்றுதான் சொல்வார். "எதில வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். சரியாகச் சொன்னாலும் "ஓம், சரி" என்று இடையில் சொல்லக் கூடாது, பிழையாகச் சொன்னாலும் திருத்தக் கூடாது. நாம் காட்டுகிற சின்ன ஆமாவைப் பிடித்துக்கொண்டே அடுத்த பதிலைத் திருத்திக்கொள்ள முடியும். எல்லாவற்றையும் கேட்டு முடித்து எழுதி வைத்துவிட்டு, "பாத்துட்டு எடுக்கிறேன்" என்று போனை வைப்பது நல்லது.

ஆனால் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. முதல் அறிவித்தல் மூன்று மணித்தியாலம் சுற்றிவிட்டது. பெயர், எண், விலாசம், எந்த வங்கி, எந்தக் கிளினிக், எல்லாம் வெளியே போய்விட்டன. அவற்றை இனிக் கேட்டுப் பயனில்லை. அந்தப் படங்களில் வராதது ஒன்றே ஒன்று, பை. ஆவணங்களை வெளியே எடுத்து மேசையில் வைத்துத்தான் தம்பி படம் எடுத்திருந்தார்.

அன்று பின்னேரம் ஓர் ஆண் அழைத்தார். "அது எங்கட மாமிடது" என்றார். பெயரைச் சொன்னார், விலாசத்தைச் சொன்னார், அட்டை எண்ணைக்கூடத் தடுமாறாமல் சொன்னார். கேட்கிறவருக்கு அப்போதே கொடுத்துவிடத் தோன்றும். யோசித்துப் பாருங்கள், தன் மாமியின் அடையாள அட்டை எண்ணை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர் சொன்ன எல்லாமே அந்தப் படத்தில் இருந்தவை, படத்தில் இல்லாதது ஒன்றும் அவர் வாயில் வரவில்லை. எதில் வைத்திருந்தார் என்று கேட்டபோது சற்று நிதானித்து, "ஹேண்ட்பேக்லதான் இருக்கும்" என்றார். "நல்லது நானா, மாமியையே ஒருக்காப் பேசச் சொல்லுங்க" என்றோம். பிறகு அவர் அழைக்கவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே உறவினராக, உதவி செய்ய வந்தவராகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க எங்களிடம் வழியில்லை. வழியில்லாதபோது கொடுக்காமல் இருப்பதுதான் அமானிதம்.

உறவினர் என்பதால் மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒருவருடைய ஆவணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தெரியாதவர்கள் இல்லை. கடன் கொடுத்தவர், காணிப் பிரச்சினையில் இருப்பவர், பிரிந்து போன துணை, இவர்களுக்கெல்லாம் பெயரும் பிறந்த தேதியும் விலாசமும் ஏற்கனவே தெரியும். தாளில் உள்ளதைக் கேட்டால் அவர்கள் எல்லோரும் சித்தியடைவார்கள். அதனால்தான் தாளில் இல்லாததைக் கேட்க வேண்டும்.

அடுத்த நாள் காலை ஒரு பெண் அழைத்து, "எங்கட மாமி பேசுவா" என்று போனைக் கொடுத்தார். வயதான குரல். அட்டை எண் அவருக்குத் தெரியவில்லை. பிறந்த தேதியும் நிச்சயமில்லை. எந்த நாள் தொலைத்தார் என்பதில்கூட ஒரு நாள் பிழை. முதல் நாள் அழைத்தவரோடு ஒப்பிட்டால் இவர் எல்லாக் கேள்விக்கும் தோற்றுப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு பையைக் கேட்டோம்.

"துணிக்கடைப் பைதான் மகன். ஒரு பக்கத்துக் கைபிடி பிஞ்சு போச்சு. வலை நூலால கட்டி வச்சிருந்தன். பாஸ் புத்தகத்து உறைக்குள்ள பேரன்ட சின்னப் போட்டோ ஒண்டு கிடக்கும்."

தம்பி பையைப் பார்த்தார். ஒரு கைப்பிடியில் நைலோன் வலை நூலால் போட்ட முடிச்சு இருந்தது. பாஸ் புத்தகத்து உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தோம். அதுவரை எங்களுக்கே தெரியாத ஒரு படம் வந்தது.

நேரில் வந்தபோது அட்டையில் உள்ள முகத்தையும் அவரையும் பார்த்தோம். பழைய படம், ஆனாலும் ஆள் தெரிந்தது. அவருடைய மருமகளும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் முன்னால் இருக்க, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு எழுதிக் கையொப்பம் வாங்கினோம். கொடுக்கும் படத்தை எடுத்து முகநூலில் போடலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். இவ்வளவு மறைத்தபின் முகத்தைப் போட்டால் எல்லாம் வீண்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. நினைவு மங்கிய ஒருவர் பையையும் மறந்திருப்பார். அவரிடம் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. அட்டையில் உள்ள முகமும், அவரை நேரில் தெரிந்த கிராம உத்தியோகத்தரின் வார்த்தையும் அங்கே போதும். நேரில் வர முடியாத நோயாளி என்றால், அவரே போனில் பேசி விடை சொல்லட்டும், யாரை அனுப்புகிறார் என்பதையும் அவரே சொல்லட்டும். வருகிறவர் தன் சொந்த அடையாள அட்டையைக் காட்டிக் கையொப்பம் வைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மட்டும் கிடைத்தால் அதில் முகம் இல்லை. அப்போது பையும் மடிப்பும் கூட இருந்த மற்றத் தாள்களும்தான் சாட்சி. மனதில் சந்தேகம் கொஞ்சமாவது மிஞ்சினால் பொலிசில் ஒப்படைத்துவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாள் கணக்கும் முக்கியம். காசு மாதிரி ஓர் ஆண்டு வைத்திருக்கிற பொருள் இல்லை இது. தொலைத்தவர் பொலிசில் முறைப்பாடு செய்து, கிராம உத்தியோகத்தரிடம் அலைந்து, பிறப்புச் சான்றிதழ் தேடி, படம் எடுத்து, பிரதேச செயலகம் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுவார். அந்த அலைச்சல் தொடங்கும் முன் கிடைத்தால்தான் நன்மை. அதனால்தான் அறிவித்தலில் ஒரு கடைசி நாளை வைத்தோம்.

படம் ஏற்கனவே போய்விட்டால் என்ன செய்வது? போட்டவர் "எல்லோருக்கும் அழி" என்று குரூப்பில் அழிக்கலாம். ஆனால் வேறு குரூப்புக்குப் போன பிரதி அதனால் அழியாது. ஆகவே உரியவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: உங்கள் அட்டையும் கணக்கு எண்ணும் இத்தனை மணித்தியாலம் வெளியே இருந்தன, வங்கிக்குப் போய் ஒரு சொல் சொல்லி வையுங்கள், யார் போன் எடுத்து உங்கள் விபரத்தைச் சரியாகச் சொன்னாலும் இரகசிய எண்ணைக் கொடுக்காதீர்கள் என்று. தம்பியே அதை அந்த உம்மாவிடம் சொன்னார். கிளினிக் கொப்பியைப் பற்றி மருமகளுக்குக் கேட்காமல் தனியாகச் சொன்னார்.

மேலே உள்ள அறிவித்தலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். வீதியின் பெயரையும் கடைசி நாளையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பொருள் கையில் கிடைத்தவுடன் முதலில் பையைப் பாருங்கள். எப்படிக் கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.